ஆய்வேட்டுக்கு மெய்ப்புப் பார்ப்பது: எதுவரை உதவலாம், எங்கே கை எடுக்க வேண்டும்?

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கும் கல்லூரி ப்ராஜெக்ட் அறிக்கைகளுக்கும் வீட்டிலிருந்து ப்ரூஃப் பார்த்துக் கொடுப்பவள் நான். பெரும்பாலும் தமிழ் ஆய்வேடுகள், இடையிடையே ஆங்கிலம். மாணவர்களும் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

"ஆய்வேட்டை இன்னொருத்தர் கையில் கொடுத்துத் திருத்துவதே தப்பு என்று என் நண்பர் சொல்கிறார். அப்படியா மேடம்?"

இல்லை. எழுத்துப்பிழை, சந்திப்பிழை, நிறுத்தக்குறி, மேற்கோள் வடிவம் இவற்றை வேறொருவர் கண் கொண்டு பார்ப்பதை எந்தப் பல்கலைக்கழகமும் முழுதாகத் தடுப்பதாக நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்றே எழுத்து வடிவில் விதிகள் உண்டு. நம் ஊரில் அந்த அளவுக்கு விரித்து எழுதியிருப்பது அரிது. அதனால்தான் நண்பர் ஒன்று சொல்வார், டைப்பிங் சென்டர்காரர் இன்னொன்று சொல்வார்.

ஆனால் ஒரு விஷயம் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாணவர் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும்: இது நான் தயாரித்தது, என் சொந்தப் படைப்பு, இதில் திருட்டு இல்லை. நெறியாளரும் தன் பங்குக்குச் சான்று தர வேண்டும். என் வேலை முடிந்த பிறகும் அந்த உறுதிமொழி உண்மையாக இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு காகிதத்தை வைத்துத்தான்.

"எதையெல்லாம் நீங்களே மாற்றுவீர்கள், எதைத் தொடமாட்டீர்கள்? உதாரணத்தோடு சொன்னால் புரியும்."

கல்வியியல் ஆய்வேடுகளில் வருகிற மாதிரி ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்:

"இவ் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 120 மாணவர்களில் 78 பேர் (56%) வீட்டில் படிக்க தனி இடம் இல்லை என்று கூறினர் எனவே பெற்றோரின் கல்வியறிவு மாணவர்களின் தேர்ச்சியை பாதிக்கிறது என்பது தெரியவருகிறது."

இதில் நான் கேட்காமலே மாற்றுபவை: "இவ் ஆய்வுக்கு" என்பது "இவ்வாய்வுக்கு" ஆகும். "படிக்க தனி" என்பதில் ஒற்று மிகும், "படிக்கத் தனி". "தேர்ச்சியை பாதிக்கிறது" என்பதிலும் அப்படியே. "கூறினர்" என்பதோடு ஒரு வாக்கியம் முடிகிறது, அங்கே முற்றுப்புள்ளி வைப்பேன். இவற்றால் மாணவர் சொல்ல வந்தது ஓர் அணுவும் மாறாது. ஏன் மாற்றினேன் என்று யாராவது கேட்டால் இலக்கண விதியைக் காட்டினால் போதும்.

அடுத்தது அந்த எண். 120இல் 78 என்றால் 65 சதவீதம். மாணவர் 56 என்று எழுதியிருக்கிறார். தட்டச்சில் இலக்கம் இடம் மாறிவிட்டது என்று நினைத்து 65 என்று திருத்திவிட்டுப் போகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 120இல் 67 பேர் என்றாலும் ஏறத்தாழ 56 சதவீதம்தான். அப்படியானால் 78 என்ற எண்ணே தவறாக இருக்கலாம், சதவீதம் சரியாக இருக்கலாம். எது சரி என்பது அவர் கையில் இருக்கும், மாணவர்கள் நிரப்பிக் கொடுத்த வினாப்பட்டியல் கட்டுக்குத்தான் தெரியும். ஆகவே ஓரத்தில் "78, 56% இரண்டும் பொருந்தவில்லை, மூலத்தரவைப் பார்த்து உறுதிசெய்யவும்" என்று குறிப்பு எழுதி விட்டுவிடுவேன். எண்ணைத் தொடமாட்டேன். பொருந்தாமையைக் காட்டுவது மெய்ப்பு வேலை, எந்த எண் உண்மை என்று முடிவெடுப்பது ஆய்வு வேலை.

மூன்றாவது, அந்த "எனவே". முன்பாதி வீட்டில் இடம் இல்லாததைப் பற்றியது. பின்பாதி பெற்றோரின் படிப்பைப் பற்றியது. நடுவில் ஏதோ ஒரு வாக்கியம் விழுந்துவிட்டது, அல்லது வேறு அட்டவணையின் முடிவு இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கம் தள்ளிப் பெற்றோர் கல்வி பற்றிய அட்டவணை இருக்கிறது; அதைப் பார்த்து விட்டுப்போன வாக்கியத்தை என்னால் நன்றாகவே எழுதிவிட முடியும். எழுதமாட்டேன். ஏனென்றால் அந்த வாக்கியம் ஒரு வாதம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் "இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?" என்று விரல் வைத்துக் கேட்கும் இடம் அதுதான், அங்கே பதில் சொல்ல நான் இருக்கப்போவதில்லை. "எனவே என்பதற்கு முன் சொன்னதும் பின் சொல்வதும் இணையவில்லை. இடையில் ஏதேனும் விடுபட்டதா?" என்று மட்டும் கேட்பேன். மாணவர் புதிதாக எழுதி அனுப்பினால் அதில் உள்ள ஒற்றுப்பிழையைத் திருத்துவேன்.

இதே இடத்தில் இன்னொரு வழுக்கலும் உண்டு. வாக்கியத்தை அழகாக்கப் போய்க் கருத்தை மாற்றிவிடுவது. "பெற்றோரின் கல்வி மாணவர் மதிப்பெண்ணுடன் தொடர்புடையதாகக் காணப்படுகிறது" என்பது இழுவையான நடைதான். அதை "பெற்றோரின் கல்வி மாணவர் மதிப்பெண்ணை உயர்த்துகிறது" என்று சுருக்கினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் தொடர்பு காரணமாகிவிட்டது. மாணவர் கண்டது தொடர்பை மட்டும். இப்படி நல்ல நோக்கத்தோடு செய்கிற திருத்தம்தான் எனக்கு அதிக பயம் தருவது, ஏனென்றால் மாணவரும் அதைக் கவனிக்காமல் ஒப்புக்கொண்டுவிடுவார்.

ஆகவே எத்தனை திருத்தம் செய்தோம் என்பதை வைத்து எல்லையைப் பார்க்க முடியாது. ஒரே பக்கத்தில் நாற்பது ஒற்றுகளைச் சேர்த்தாலும் அது மெய்ப்புத்தான். முந்நூறு பக்கத்தில் ஒரே ஒரு "எனவே"யை நாமே நிரப்பினால் அது வேறு வேலை.

"நேர்காணலில் மக்கள் பேசியதையும் சங்கப் பாடல் மேற்கோளையும் திருத்தலாமா? அதிலும் பிழை இருக்கிறதே."

நேர்காணல் பேச்சைத் திருத்தவே கூடாது. "வூட்டுல சோறாக்கி வச்சிட்டுத்தான் வேலைக்குப் போவணும்" என்று ஓர் அம்மா சொன்னதாக ஆய்வேட்டில் இருந்தால், அது தரவு. அதை "வீட்டில் சமைத்துவிட்டுத்தான் பணிக்குச் செல்ல வேண்டும்" என்று ஆக்கினால் அந்த அம்மா சொல்லாததை அவர் வாயில் போட்டதாகும். தட்டச்சுப் பிழையா பேச்சு வழக்கா என்று சந்தேகம் வந்தால் மாணவரிடம் ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

செய்யுள் மேற்கோளில் சிக்கல் வேறு. குறுந்தொகை 40ஆம் பாட்டின் முதல் அடியைச் சில பதிப்பில் "யாரா கியரோ" என்று சீர் பிரித்துப் பார்ப்பீர்கள், சிலர் "யாராகியரோ" என்று சேர்த்து எழுதுவார்கள். புதிதாக மெய்ப்புப் பார்க்க வருபவர் முதலாவதைப் பிழை என்று நினைத்துச் சேர்த்துவிடுவார். மாணவர் அடிக்குறிப்பில் எந்தப் பதிப்பைச் சொல்கிறாரோ அதில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். அந்தப் பதிப்பு என் கையில் இருந்தால் ஒப்பிட்டு வேறுபாட்டைக் குறிப்பேன். இல்லையென்றால் "பதிப்போடு ஒப்பிடவும்" என்று எழுதி நகர்ந்துவிடுவேன்.

பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் தனிக் கவனம் தேவை. பாமினியில் அடித்ததை மாற்றி அனுப்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். உடலில் உள்ள எழுத்தெல்லாம் மாறியிருக்கும், அடிக்குறிப்பும் அட்டவணையும் மாறாமல் `jkpo;` என்று நிற்கும். "தமிழ்" என்ற சொல்தான் அது. நடுவில் இருந்த ஆங்கிலப் பெயர்கள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகியிருக்கும். ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் நிற்கும், "ஔவை" என்பதில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது. இவை எல்லாவற்றையும் தாராளமாகச் சரிசெய்யலாம். இதில் நெறி சார்ந்த சிக்கல் எதுவும் இல்லை, முதுகுவலி மட்டும் உண்டு.

"என் ஆய்வேட்டுக்கு ஒப்புமை 38 சதவீதம் வந்திருக்கிறது மேடம். பத்துக்குள் கொண்டுவந்து கொடுங்கள், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை."

அதிகம் வரும் வேண்டுகோள் இதுதான். இதற்காகவே கடை திறந்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பாருங்கள். ஆய்வேட்டில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே உள்ள எழுத்தோடு பொருந்துகிறது என்று மென்பொருள் காட்டும் கணக்கு அது. 2018 ஒழுங்குமுறையில் பத்து சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கால அளவில் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு திருட்டு நிரூபணமானால் பட்டத்தை நிறுத்திவைக்கவும் அதில் இடம் இருக்கிறது. அதே ஒழுங்குமுறை சிலவற்றைக் கணக்கில் சேர்க்காதே என்கிறது: உரிய அனுமதியோ சான்றோ காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், நிலையான சமன்பாடுகள். தற்செயலாகப் பொருந்தும் 14 சொல் வரையிலான தொடருக்கும் விலக்கு உண்டு.

ஆகவே 38 என்றதும் கையைப் பிசைய வேண்டாம், அறிக்கையை முழுதாகத் திறந்து பாருங்கள். இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம்: துணைநூற்பட்டியலில் இருந்து 9, அடையாளம் இல்லாமல் விட்ட மேற்கோள்களில் இருந்து 4, மாணவரே முன்பு இதழில் எழுதிய கட்டுரையில் இருந்து 11, இரண்டாம் இயலான முன்னாய்வுகளில் இருந்து 14.

முதல் 9 அறிக்கை எடுத்தவர் துணைநூற்பட்டியலை விலக்கும் தேர்வைப் போடாததால் வந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் சொன்னால் திரும்ப எடுத்துத் தருவார்கள். அடுத்த 4இல் எனக்கு வேலை இருக்கிறது. எங்கே மேற்கோள் குறி விட்டுப்போனது போல் தெரிகிறதோ அங்கெல்லாம் குறிப்பேன், மாணவர் மூலநூலைப் பார்த்துக் குறியையும் பக்க எண்ணையும் போட வேண்டும். 11 அவருடைய சொந்தக் கட்டுரை. அதை ஆய்வேட்டில் எப்படிக் காட்டுவது, எப்படி விலக்கு வாங்குவது என்பதை நெறியாளரிடமும் நூலகத்திடமும் பேசி முடிக்க வேண்டும். கட்டுரையை வெளியிட்டதை ஆய்வேட்டில் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும் நான் நினைவூட்டுவது.

மிச்சம் 14. பிறர் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியது இதுதான். நான் சொற்களை மாற்றிக் கொடுத்தால் எண் குறையும், ஆனால் எடுத்தது எடுத்ததுதான். முன்பு பிறர் எழுத்து அடையாளம் தெரியும்படி இருந்தது, இப்போது தெரியாதபடி ஆகிவிட்டது. திருட்டை மறைக்கக் கூலி வாங்கியதாகத்தான் அதற்கு அர்த்தம். சதவீதத்தைக் குறைத்துத் தரும் வேலையை நான் எடுப்பதில்லை, ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசுவோரிடம் பேச்சையும் வளர்ப்பதில்லை.

நெறி ஒருபக்கம் இருக்கட்டும், அந்த வேலை ஆய்வேட்டைக் கெடுத்தும் விடுகிறது. சொல்லுக்குச் சொல் மாற்றுபவருக்குத் துறை தெரியாது. "சமூக மூலதனம்" என்பது "சமுதாய முதலீடு" ஆகிவிடும். "எளிய வாய்ப்பு மாதிரி" என்ற கூறெடுப்பு முறை "சாதாரண சந்தர்ப்ப உதாரணம்" என்று வந்து நிற்கும். மென்பொருள் இதைக் கண்டுகொள்ளாது. புறத்தேர்வாளர் ஒரே பத்தியில் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் மற்ற இயல்களையும் அதே சந்தேகத்தோடுதான் படிப்பார்.

யூனிகோடில் உள்ளதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. மென்பொருளுக்கு `jkpo;` என்பது வெறும் ஆங்கில எழுத்து, எதோடும் பொருந்தாது, ஒப்புமை குறைவாகக் காட்டும். மோசடிக்காகவே எழுத்துரு மாற்றுகிற இந்த வேலையையும் நான் தொடுவதில்லை. ஆய்வேடு சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறும்போது எவரும் தேடிப் படிக்க முடியாத கோப்பாகவும் அது போய்ச் சேரும்.

அந்த 14க்கு மாணவர் செய்ய வேண்டியது: மூலக் கட்டுரையை மறுபடி படித்து, மூடி வைத்துவிட்டு, தன் ஆய்வுக்கு அது எதற்குத் தேவைப்படுகிறது என்று தன் சொல்லில் எழுதி, சான்று காட்டுவது. கொடுத்திருக்கும் ஆறு மாதம் இதற்குத்தான். பெரும்பாலும் பக்கம் பாதியாகக் குறைந்துவிடும், இயலும் உருப்படும். எழுதி முடித்து அனுப்பினால் சந்தோஷமாக மெய்ப்புப் பார்ப்பேன்.

"நீங்கள் ஓரத்தில் எழுதும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. உங்களுக்குச் சரியென்று படுவதைப் போட்டுவிடுங்கள் என்றால் போடுவீர்களா?"

எழுத்துப்பிழை என்றால் ஏற்கெனவே போட்டிருப்பேன். கேள்வியாக விட்டிருக்கிறேன் என்றால் அங்கே ஒரு முடிவு தேவைப்படுகிறது, அதை எடுக்க வேண்டியவர் நீங்கள்.

இதனால்தான் எல்லாத் திருத்தத்தையும் வேர்டில் டிராக் சேஞ்சஸ் போட்டே செய்கிறேன். கோப்பைத் திறந்தால் எதை நீக்கினேன், எதைச் சேர்த்தேன் என்று வண்ணத்தில் தெரியும். ஒவ்வொன்றையும் மாணவர்தான் ஏற்கவோ தள்ளவோ வேண்டும். "சுத்தமான கோப்பும் சேர்த்து அனுப்புங்கள்" என்பார்கள். அனுப்புவதில்லை. அனுப்பினால் திருத்தம் உள்ள கோப்பைத் திறக்கவேமாட்டார்கள் என்பது அனுபவம். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஏற்பவர்களைத் தடுக்க முடியாது, ஆனால் அந்தச் சொடுக்கு அவர்களுடையதாக இருக்கட்டும்.

ஒரே வகைப் பிழை நூறு இடத்தில் வந்தால் முதல் சில இடங்களில் ஏன் என்று ஒரு வரி எழுதுவேன். இரண்டாம் வேற்றுமை உருபான ஐக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும் என்பதை ஒருமுறை எழுதிக் காட்டினால் கடைசி இயலை மாணவரே சரியாக அனுப்புவார்.

"நெறியாளரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது."

சொல்லத்தான் வேண்டும். வேலையை ஏற்கும் முன்பே "கைடுக்குத் தெரியுமா?" என்பதுதான் என் முதல் கேள்வி. சொல்ல முடியாத உதவி என்றால் அது எந்த வகை உதவி என்று மாணவருக்கே தெரிந்திருக்கும். இதில் ஆஸ்திரேலியாவின் நடைமுறை எனக்குப் பிடிக்கும். அங்கே தொழில்முறைத் திருத்துநர் சங்கம் ஆய்வேடுகளுக்கென்று வழிகாட்டி வைத்திருக்கிறது. மொழி, முழுமை, ஒருமைப்பாடு இவற்றில் கை வைக்கலாம். உள்ளடக்கமும் கட்டமைப்பும் என்றால் சுட்டிக்காட்டலாமே தவிர மாற்றக் கூடாது. திருத்தியவர் பெயரையும் என்ன செய்தார் என்பதையும் நன்றியுரையில் அச்சிட வேண்டும்.

அதே முறையை நான் இங்கே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். நன்றியுரையில் எழுத மாணவருக்கு நான் தரும் வாசகம் இது: "இவ்வாய்வேட்டின் எழுத்துப்பிழை, சந்திப்பிழை, நிறுத்தக்குறி, அடிக்குறிப்பு வடிவம் ஆகியவை மட்டும் தொழில்முறை மெய்ப்புத் திருத்துநரால் பார்க்கப்பட்டன. தரவு, வாதம், முடிவுகள் ஆய்வாளருடையவை." பெயர் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம். இந்த வாசகத்தை எழுதத் தயங்குகிறார் என்றால், வேறு யாரோ வேறு ஏதோ செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிடும்.

பயப்படுகிற அளவுக்கு நெறியாளர்கள் திட்டுவதும் இல்லை. ஒற்றுப்பிழை பார்த்தே சலித்துப்போனவர்கள் பலர். "யாரிடமாவது கொடுத்துப் பார்த்து எடுத்து வாங்க" என்று அவர்களே அனுப்பிவைக்கிறார்கள்.

"மெய்ப்பே பார்க்கக் கூடாத வேலை என்று ஏதாவது இருக்கிறதா?"

மொழித்திறனுக்கே மதிப்பெண் போடும் வேலை. ஆங்கில இலக்கிய மாணவர் எழுதும் கட்டுரைப் பயிற்சி, தமிழ் இளங்கலையில் இலக்கணப் பயிற்சி, மொழிபெயர்ப்புத் தாளுக்கான ஒப்படைப்பு. ஒற்று மிகும் இடம் தெரிகிறதா என்று சோதிக்கத்தானே அது? நான் போட்டுக் கொடுத்தால் மதிப்பெண் எனக்குத்தான். அதே ஒற்றை வேதியியல் ஆய்வேட்டில் நான் போட்டுக் கொடுத்தால் குற்றமில்லை. ஐயமாக இருந்தால் மதிப்பெண் பகிர்வுத் தாளை அனுப்பச் சொல்லிப் பார்ப்பேன்.

"நீங்கள் படிக்கும்போதே சில பக்கம் சுட்டது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?"

தேடிப் போவதில்லை, ஆனால் கண்ணில் பட்டுவிடும். தட்டுத்தடுமாறிய நடை திடீரென்று பேராசிரியர் நடையாகும், நான்கு பக்கம் கழித்து மறுபடி தடுமாறும். "மேலே இயல் ஏழில் கண்டதுபோல" என்று வரும், ஆய்வேட்டில் இருப்பதே ஐந்து இயல்தான். அடிக்குறிப்பு எண் நடுவில் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆங்கிலத்தில் என்றால் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் சட்டென்று அமெரிக்கனாகிவிடும்.

அங்கேயே நிறுத்திவிட்டு மாணவரிடம் பக்க எண்களைச் சொல்லி, "இந்தப் பகுதிக்குச் சான்று வேண்டும்" என்பேன். பாதிப் பேர் உண்மையிலேயே குறிப்பேட்டில் எழுதி வைத்து, எது தன்னுடையது எது எடுத்தது என்று மறந்தவர்கள். அவர்கள் சரிசெய்து அனுப்புவார்கள். "அதெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று பதில் வந்தால் அதுவரை பார்த்த பக்கத்துக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிடுவேன். சுட்ட பகுதியில் ஒற்றுப் போட்டுக் கொடுப்பதும் அதைச் சமர்ப்பிக்கத் தயார் செய்வதுதான்.

பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதிப் போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். நான் எழுதுவதில்லை. அச்சேறாத கோப்பை நம்பித் தந்திருக்கிறார், அதில் இன்னும் எதுவும் சமர்ப்பிக்கப்படவில்லை, திருத்தவும் அவருக்கு வாய்ப்பு இருக்கிறது. இதில் என்னோடு உடன்படாத சகதொழிலாளர்கள் உண்டு.

"லண்டனிலும் மெல்போர்னிலும் படிக்கும் நம்மவர்கள் அசைன்மென்ட் எழுதித் தரச் சொல்கிறார்கள். நல்ல காசு. இங்கிருந்து செய்தால் என்ன?"

எழுதித் தருவது எங்கிருந்து செய்தாலும் மெய்ப்பு ஆகாது. சட்டமும் இப்போது இருக்கிறது. ஆஸ்திரேலியா 2020இல் இதைக் குற்றமாக்கியது. வணிக நோக்கில் எழுதிக் கொடுத்தாலோ விளம்பரம் செய்தாலோ இரண்டாண்டு வரை சிறை அல்லது பெரும் அபராதம், வெளிநாட்டிலிருந்து செய்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும். இங்கிலாந்தில் 2022இல் வந்த சட்டம் அங்கே படிக்கும் மாணவருக்குப் பணத்துக்கு எழுதிக் கொடுப்பதையும் அதை விளம்பரப்படுத்துவதையும் குற்றம் என்கிறது. ஃப்ரீலான்ஸ் தளங்களில் "எடிட்டிங்" என்ற பெயரில்தான் இந்த வேலை வரும். அனுப்பிய கோப்பில் வினாத்தாளும் மூன்று வரிக் குறிப்பும் மட்டுமே இருந்தால், அது எடிட்டிங் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மெய்ப்பு மட்டும் கேட்கும் வெளிநாட்டு மாணவரிடம் அவர் பல்கலைக்கழகத்தின் மெய்ப்பு விதியை அனுப்பச் சொல்லுங்கள். சில இடங்களில் திருத்தவே கூடாது, பிழை இருக்கும் இடத்தைக் காட்ட மட்டும் அனுமதி என்றிருக்கும்.

"கட்டணம் எப்படிப் பேசுவது?"

பக்கக் கணக்கில் பேசாதீர்கள். எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் குறைத்து இருநூறு பக்கத்தை நூற்றிருபது ஆக்கி அனுப்புவார்கள். சொல் கணக்கில் பேசுங்கள். பத்துப் பக்கம் மாதிரி பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். "ஆய்வேடு ஏற்கப்பட்டால் மீதி" என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கப்பட வேண்டும் என்பது உங்கள் கவலையாகிவிட்டால் அந்த "எனவே"யை நீங்களே நிரப்பத் தொடங்கிவிடுவீர்கள்.

"இலவச இணையதளத்தில் ஒப்புமை சோதித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

முடியாது. ஏற்றும் கோப்பை அத்தளங்கள் என்ன செய்கின்றன என்பது நம் கையில் இல்லை. சேமித்து வைத்துக்கொண்டால், பிறகு பல்கலைக்கழகம் சோதிக்கும்போது உங்கள் ஆய்வேடு உங்கள் ஆய்வேட்டோடே பொருந்திப்போகும் ஆபத்து இருக்கிறது. நேர்காணல் தந்தவர்களின் பெயரும் ஊரும் அந்தக் கோப்பில் இருக்கின்றன, அவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. நூலகத்தின் வழியாக, கோப்பைக் களஞ்சியத்தில் சேர்க்காமல் சோதித்துத் தரும்படி கேளுங்கள். என்னிடம் அனுப்பும் பிரதியிலும் நேர்காணல் தந்தவர்களின் உண்மைப் பெயர்களை எடுத்துவிட்டே அனுப்புங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்தது என்று சொன்னதும் என்னிடம் உள்ளதை அழித்துவிடுவேன்.